சேனலில் வரும் மெயில் லிங்க் என் கணக்கில் மட்டும் திறப்பது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம். குடோன் மலைக்குக் கீழே கம்பத்தில். ஜிமெயிலில் 'ஆர்டர்' என்று லேபிள் விழும் மெயில்களை மட்டும் குடோன் சாட் சேனலில் போடத்தான் உங்கள் சேவையை வாங்கினோம். முதல் மெயில் சேனலுக்கு வரும். அதற்கடுத்த பதில்களை லிங்க்கைத் தட்டி மூல உரையாடலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பதிலும் சேனலில் வந்து குவிய வேண்டாமென்று இந்த ஏற்பாட்டை நாங்களேதான் தேர்ந்தெடுத்தோம்.

போன வாரம் கொச்சிக்காரர் 8 எம்.எம். காய் 200 கிலோ கேட்டார். சேனலில் வந்தது. மறுநாள் அதே உரையாடலில், 150 கிலோ போதும், மீதி 50 கிலோ 7 எம்.எம். என்று மாற்றினார். குடோன் கணக்குப்பிள்ளை லிங்க்கைத் தட்டிப் பார்த்திருக்கிறார். "என் இன்பாக்ஸ்தாண்ணே வருது, மெயில் வரல" என்றார். இதை அவர் சொன்னது, பழைய கணக்குப்படி மூட்டை கட்டிய வண்டி குமுளிக்கு ஏறி வந்த பிறகு. பில்லை மெயிலோடு ஒத்துப் பார்த்ததால் தப்பித்தோம். வண்டியைத் திருப்பி அனுப்பினோம்.

உங்கள் ஆள் என் கணினியில் திறந்து பார்த்துவிட்டு, "லிங்க் சரியாத்தானே இருக்கு" என்றார். என் கணக்கில் திறக்கத்தான் செய்யும்! நீங்கள் போடும் லிங்க் இப்படி இருக்கிறது:

```
https://mail.google.com/mail/u/0/#inbox/...
```

அந்த 0, அந்த பிரவுசரில் முதலில் நுழைந்த கணக்கு. குடோன் கணினியில் அது அவருடைய சொந்தக் கணக்கு. சரி, 1 என்று மாற்றிப் பார்த்தோம். அலுவலகக் கணக்கு வந்தது, உரையாடல் வரவில்லை. கடைசியில் நிற்கும் அடையாளம் என் பெட்டிக்கு மட்டும் உரியது. அதே மெயிலுக்கு அவர் பெட்டியில் வேறு அடையாளம்.

இத்தனைக்கும் அவர் சிசியில் இருப்பவர், மெயில் அவர் பெட்டியிலேயே கிடக்கிறது. 'Show original' திறந்து, மெயிலின் `Message-ID`-ஐ எடுத்து, அவர் கணக்கின் தேடலில் இப்படிப் போட்டேன்:

```
rfc822msgid:<Message-ID>
```

உடனே வந்தது, மாற்றிய பதிலோடு. அனுப்பியவர் பக்கம் உருவாகும் இந்த எண் பெறுபவர் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை நீங்கள் சேனல் பதிவில் சேர்த்திருந்தாலே போதும்.

நான் கேட்பது இதுதான்: லிங்க்கோடு இந்தத் தேடல் வரியும் ஒவ்வொரு பதிவிலும் வர வேண்டும். மெயில் வராதவருக்கு எந்த லிங்க்கும் திறக்காது, அது நியாயம். ஆனால் அதை அமைப்புப் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், வண்டி இறங்கி ஏறிய வாடகைக்கு ஈடாக இந்த மாதச் சந்தாவைக் கழித்துக்கொள்ளுங்கள். ரசீது இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர், குமுளி