சிஸ் சிஸ்ஸாகவே வரும், ஆனால் எந்தக் கார்பீனில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், இரண்டே பிணைப்புகளோடு நிற்கும் கார்பனான கார்பீன்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எளிமையாக எழுதியிருக்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் இரண்டு இடங்களில் தவறு இருக்கிறது. மாணவர்கள் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன். முதல் இடம், "எந்தக் கார்பீன் ஆல்கீனோடு சேர்ந்தாலும் ஆல்கீனின் வடிவம் வளையத்தில் அப்படியே தங்கும்" என்ற வரி. இரண்டாவது, "டயசோஅசெட்டேட்டில் மட்டும் இந்த விதி மீறப்படுகிறது" என்று ஓரத்தில் போட்டிருந்த குறிப்பு. முதலாவது பாதிதான் சரி, இரண்டாவது முழுக்கத் தவறு.

சிஸ்-2-பியூட்டீனை எடுத்துக்கொள்வோம். இரண்டு மெத்தில்களும் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மிக எளிய கார்பீனான மெத்திலீன், அதாவது CH2, வந்து ஒட்டி மூன்று கார்பன் வளையம் ஆனதும், அந்த மெத்தில்கள் வளையத் தளத்தின் ஒரே பக்கத்தில் இருந்தால் வடிவம் காப்பாற்றப்பட்டது என்கிறோம். 1956-இல் ஸ்கெல்லும் வுட்வொர்த்தும் டயசோமீத்தேனை ஒளியால் உடைத்து மெத்திலீனை உண்டாக்கி இதைத்தான் பார்த்தார்கள். சிஸ் பியூட்டீன் சிஸ் வளையத்தைத் தந்தது, டிரான்ஸ் டிரான்ஸைத் தந்தது. காரணம், அந்தக் கார்பீன் சிங்க்லெட். அதன் இணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே அறையில் எதிரெதிர் ஸ்பின்னோடு ஜோடியாக இருக்கின்றன, பக்கத்து அறை காலி. அதனால் இரண்டு புதிய பிணைப்புகளும் ஒரே மூச்சில் உருவாக முடிகிறது, நடுவில் எதுவும் சுழன்று திரும்ப அவகாசமே இல்லை.

ட்ரிப்லெட் கார்பீன் வேறு கதை. அங்கே இரண்டு எலக்ட்ரான்களின் ஸ்பின்னும் ஒரே திசை. முதல் பிணைப்பு உண்டாகிவிடும், ஆனால் இரண்டாவது உண்டாக வேண்டுமானால் ஒரு ஸ்பின் திரும்பியாக வேண்டும். அதுவரை அது இரண்டு முனையிலும் தனி எலக்ட்ரானோடு திறந்து கிடக்கிற மூன்று கார்பன் சங்கிலி. முன்பு இரட்டைப் பிணைப்பாக இருந்த இடம் இப்போது ஒற்றைப் பிணைப்பு, அது தாராளமாகச் சுழலும். அப்புறம் மூடும்போது சிஸ்ஸும் வரும், டிரான்ஸும் வரும். மெத்திலீனில் ட்ரிப்லெட்தான் ஆற்றல் குறைந்த நிலை, சிங்க்லெட்டைவிட மோலுக்குச் சுமார் 9 கிலோகலோரி கீழே. டயசோமீத்தேன் ஒளியில் உடையும்போது முதலில் பிறப்பது சிங்க்லெட். திரவ ஆல்கீனுக்குள் பிறந்தால் பக்கத்திலேயே ஆல்கீன் இருப்பதால் கீழே இறங்குவதற்கு முன்பே வினை முடிந்துவிடுகிறது. அதே வினையை வாயு நிலையில், நைட்ரஜனோ ஆர்கானோ நிறையக் கலந்து செய்தால், மோதி மோதி ட்ரிப்லெட்டுக்கு இறங்கிவிடும், சிஸ் பியூட்டீனிலிருந்து டிரான்ஸ் வளையமும் கிடைக்கும். ஒரே மூலக்கூறு, ஒரே ஒளி, முடிவு வேறு. டைகுளோரோகார்பீனில் இந்தத் தலைவலி கிடையாது, அதன் கீழ்நிலையே சிங்க்லெட். ஆகவே "எந்தக் கார்பீனும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "சிங்க்லெட்டாக வினைபுரியும் கார்பீன்" என்று போட்டால் அந்த வரி சரியாகிவிடும்.

கார்பீனைப் போலவே வேலை செய்யும் உலோகச் சேர்மமான கார்பீனாய்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம்தான், ஆய்வகத்தில் உண்மையில் பயன்படுவது அதுதானே. 1958-இல் சிம்மன்ஸும் ஸ்மித்தும் துத்தநாக-தாமிரக் கலவையோடு டைஅயடோமீத்தேனைச் சேர்த்துச் செய்தது, 1966-இல் ஃபுருகாவா தாமிரத்தை விட்டுவிட்டு டைஎத்தில் துத்தநாகத்துக்கு மாற்றியது, இரண்டிலும் சுதந்திரமான கார்பீன் வெளியே வருவதே இல்லை. கார்பனும் அயோடினும் துத்தநாகமும் ஒன்றாகவே ஆல்கீனை நெருங்குகின்றன, இரண்டு பிணைப்பும் ஏறக்குறையச் சேர்ந்தே உண்டாகின்றன, துத்தநாகமும் அயோடினும் உப்பாகக் கழன்றுகொள்கின்றன. ட்ரிப்லெட் ஆகுமோ என்ற பயமே வேண்டாம்.

நான் மாணவர்களுக்குக் காட்ட எப்போதும் எடுத்துக்கொள்வது மெத்தில் ஓலியேட். இரட்டைப் பிணைப்பு சிஸ், நீளமான சங்கிலிக்கு நடுவில். ஒரு மில்லிமோல், அதாவது சுமார் 300 மில்லிகிராம், உலர்ந்த டைகுளோரோமீத்தேனில் 5 மில்லிலிட்டர் அளவு கரைத்து, நைட்ரஜனுக்கு அடியில் பனிக்கட்டியில் வைத்து, ஹெக்சேனில் உள்ள 1 மோலார் டைஎத்தில் துத்தநாகம் 2 மில்லிலிட்டர் விடுவோம். பிறகு டைஅயடோமீத்தேன் 4 மில்லிமோல், அது 0.32 மில்லிலிட்டர்தான், சொட்டுச் சொட்டாக. (அந்தத் திரவம் நீரைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், கண்ணளவில் ஊற்றினால் ஏமாந்துபோவோம்.) கலவை வெள்ளையாகக் கலங்கும். இரவு முழுக்க அறை வெப்பத்தில் கலக்கிவிட்டு, மறுநாள் திரும்பக் குளிரவைத்து, அம்மோனியம் குளோரைடு கரைசலை மெதுவாக விட வேண்டும். அவசரப்பட்டால் மீந்திருக்கும் டைஎத்தில் துத்தநாகம் ஈத்தேன் வாயுவாகப் பொங்கிவிடும். டைஎத்தில் துத்தநாகம் காற்று பட்டால் தீப்பிடிப்பது, பழக்கம் இல்லாதவர்கள் தனியாக இதைத் தொட வேண்டாம்.

சரி, கிடைத்தது சிஸ்தான் என்று எப்படித் தெரியும்? புரோட்டான் என்.எம்.ஆர். போதும், அழகாகவே சொல்லிவிடும். 5.35 பிபிஎம் அருகே இருந்த ஆல்கீன் குறி மறைந்திருக்க வேண்டும். சிஸ் வளையத்தில், புதிதாக வந்த CH2-வின் இரண்டு ஹைட்ரஜன்களுக்கும் சூழல் வேறு: ஒன்று இரண்டு சங்கிலிகளும் இருக்கும் பக்கத்தில், மற்றது வெறுமையான பக்கத்தில். முதலாவது சுமார் −0.3 பிபிஎம்மில், அதாவது பூஜ்யத்துக்கும் கீழே போய் நிற்கும், மற்றது 0.6 அருகே. டிரான்ஸ் வளையமாக இருந்தால் பக்கத்துக்கு ஒரு சங்கிலி என்பதால் இரண்டு ஹைட்ரஜன்களுக்கும் ஏறக்குறைய ஒரே சூழல், இரண்டும் 0.1 முதல் 0.2-க்குள் சேர்ந்து வரும். அந்த இடம் சிஸ்ஸில் காலியாகக் கிடக்கும். எனவே டிரான்ஸ் துளி இருந்தாலும் கண்ணில் படும்.

ஒரு முறை பட்டது. 0.15-இல் சின்ன மேடு. கார்பீனாய்டில் வடிவம் மாறாது என்று வகுப்பில் அடித்துச் சொன்னவன் நான், மாணவி ஒருவர் தாளை நீட்டிக்கொண்டு சிரிக்காமல் நிற்கிறார். வினையைச் சந்தேகிப்பதற்கு முன் உள்ளே போன ஆல்கீனைப் பார்ப்போம் என்றேன். வினையில் முடியாமல் மிஞ்சியிருந்த ஆல்கீனைப் பிரித்துக் கார்பன் என்.எம்.ஆர். எடுத்தால், சிஸ்ஸுக்கு உரிய 27.2-ஐ ஒட்டிய குறிகளோடு 32.6-இலும் குறிகள். இரட்டைப் பிணைப்புக்கு அடுத்த கார்பன் டிரான்ஸில் அங்கேதான் வரும். ஆனால் புட்டியில் இருந்த ஓலியேட்டில் அது இல்லை. அப்படியானால் குடுவைக்குள், வளையம் ஆவதற்கு முன்பே ஆல்கீன் மாறியிருக்கிறது. விசாரித்தால், டைஅயடோமீத்தேனை ஓலியேட்டோடு முதலில் கலந்து ஜன்னலோரம் ஒரு பகல் முழுக்க வைத்துவிட்டு, டைஎத்தில் துத்தநாகத்தை அடுத்த நாள்தான் விட்டிருக்கிறார்கள். அந்த டைஅயடோமீத்தேன் பழையது, தேநீர் நிறத்தில் இருந்தது. அது அயோடின். அயோடினும் வெளிச்சமும் சேர்ந்தால் சிஸ் ஆல்கீனை டிரான்ஸாக்கும். வளையம் ஆகும் வினை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது: சிஸ்ஸை சிஸ்ஸாகவும், நாங்கள் கெடுத்து வைத்த டிரான்ஸை டிரான்ஸாகவும். டைஅயடோமீத்தேனைத் தயோசல்பேட் கரைசலோடு குலுக்கி நிறம் போக்கி, உலர்த்தி, தாமிரக் கம்பித் துண்டு போட்ட கருப்புப் புட்டியில் வைத்து, மேலே சொன்ன வரிசையிலேயே திரும்பச் செய்தார், மேடு காணாமல் போனது.

இதில் இன்னொன்று. டிரான்ஸ் ஆல்கீனை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு "வடிவம் தங்கியது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. டிரான்ஸ்தான் நெருக்கடி குறைந்த வடிவம், சுழன்று மூடுகிற வழியிலும் டிரான்ஸ்தான் அதிகம் வரும். சிஸ்ஸிலிருந்து தொடங்கினால்தான் சோதனைக்குப் பல் இருக்கிறது.

இப்போது அந்த டயசோஅசெட்டேட் குறிப்பு. எத்தில் டயசோஅசெட்டேட்டை ரோடியம் அசெட்டேட்டோடு ஸ்டைரீனில் விட்டால் சிஸ்ஸும் டிரான்ஸும் கலந்து வருகின்றன, டிரான்ஸ் 60 என்றால் சிஸ் 40 என்ற கணக்கில். கட்டுரையாளர் இதைப் பார்த்துத்தான் விதி மீறல் என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஸ்டைரீனின் ஒரு முனை வெறும் CH2, அதில் காப்பாற்றவோ இழக்கவோ சிஸ், டிரான்ஸ் என்ற வடிவமே கிடையாது. இங்கே சிஸ், டிரான்ஸ் என்பது ஃபீனைலுக்கும் புதிதாக வந்த எஸ்டருக்கும் உள்ள உறவு. எஸ்டர் கார்பீனோடு வந்தது, அது எந்தப் பக்கம் பார்த்தபடி இறங்குகிறது என்பது தனிக் கேள்வி. ஸ்டைரீனுக்குப் பதில் சிஸ்-2-பியூட்டீனை வைத்துப் பாருங்கள்: இரண்டு பொருள்கள் வரும், ஒன்றில் எஸ்டர் மெத்தில்களின் பக்கம், மற்றதில் எதிர்ப்பக்கம், இரண்டிலுமே மெத்தில்கள் ஒன்றுக்கொன்று சிஸ். டிரான்ஸ்-2-பியூட்டீனை வைத்தால் கலவையே வராது, ஏனென்றால் எஸ்டர் எந்தப் பக்கம் இறங்கினாலும் ஒரு மெத்திலுக்குச் சிஸ், மற்றதற்கு டிரான்ஸ், அதே பொருள்தான் (கண்ணாடி பிம்ப ஜோடியாக). ஸ்டைரீனிலேயே வடிவம் தங்குகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டால், அந்த CH2-வில் ஒரு ஹைட்ரஜனை மட்டும் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் டியூட்டீரியமாக மாற்றிச் செய்து பார்க்க வேண்டும்.

அடுத்த இதழில் ஓரக் குறிப்பை நீக்கி, பியூட்டீன் படம் இரண்டைப் போட்டுத் திருத்தம் வெளியிட்டால் நன்றாக இருக்கும். படம் போடும்போது எஸ்டரை வேறு நிறத்தில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கரிம வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாசகர்