பெற்றோருக்கான சுற்றறிக்கையைத் திருத்தி அனுப்புங்கள்: தலைமையாசிரியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், வணக்கம்.

வருகை நேரம், விடுப்பு ஆகியவற்றில் செய்த மாற்றங்களைத் தெரிவித்துச் சென்ற வாரம் பெற்றோருக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றி இதை எழுதுகிறேன். விதிகளைத் தளர்த்துமாறு கேட்கவில்லை. பிள்ளைகள் நேரத்துக்கு வர வேண்டும் என்பதும், விடுப்புக்குக் காரணம் தெரிய வேண்டும் என்பதும் நியாயமானவையே. அவற்றைச் சொன்ன விதத்தையும், நடைமுறைக்கு ஒவ்வாத சில வரிகளையும்தான் மாற்ற வேண்டும்.

முதலில் வருகை நேரம். ‘9.15 மணிக்குப் பின் வருவோர் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கப்படமாட்டார்கள். தொடர்ந்து தாமதமாக வருவோருக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கப்படும்’ என்று அறிக்கை சொல்கிறது. கண்டிப்பாகத் தோன்றும் இந்த இரண்டாவது வாக்கியம்தான் அறிக்கையிலேயே வலுவற்றது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. செய்ய முடியாத ஒன்றைச் செய்வோம் என்று அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், அதை அறிந்த பெற்றோர் மற்ற விதிகளையும் அதே கண்ணோடுதான் படிப்பார்கள். அறியாத பெற்றோரோ வீணாகப் பயப்படுவார்கள். முதல் வாக்கியத்திலும் சிக்கல் உண்டு. கதவுக்கு வெளியே சாலையில் நிற்கும் பிள்ளை, வீட்டார் கணக்கில் பள்ளியில் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் வீட்டில் இருக்கிறது.

அந்தப் பத்தியை இப்படி எழுதலாம்:

‘வரும் திங்கட்கிழமை முதல் காலை 9.15 மணிக்குப் பள்ளி வாயிற்கதவை மூடுகிறோம். பாடம் தொடங்கிய பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தால் வகுப்பு முழுவதற்கும் கவனம் சிதறுகிறது. தாமதமாக வரும் பிள்ளையை வெளியே நிறுத்தமாட்டோம். அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு வகுப்புக்கு அனுப்புவோம். ஒரு மாதத்தில் மூன்று முறை தாமதமானால் வகுப்பாசிரியர் உங்களை அழைத்துப் பேசுவார். பேருந்தோ ரயிலோ தாமதமாக வந்த நாள் இந்தக் கணக்கில் சேராது.’

இதில் ‘தயவுசெய்து’ இல்லை, ‘முடிந்தவரை’ இல்லை என்பதைக் கவனியுங்கள். விதியைக் கெஞ்சிச் சொன்னால் பேரம் பேசலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். நேரம், காரணம், அடுத்து நடப்பது, விலக்கு என்று வரிசையாகச் சொன்னால் கண்டிப்பும் குறையாது, பெற்றோரை மதித்துப் பேசியதாகவும் இருக்கும். இப்போதைய அறிக்கையில் அன்பெல்லாம் ‘அன்பார்ந்த பெற்றோர்களே’ என்ற விளிப்போடும் ஒழுக்கத்தின் மேன்மை பற்றிய மூன்று வரிகளோடும் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே தடைகள் மட்டுமே. அந்த மூன்று வரிகளை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டாவது, விடுப்பு. ‘பெற்றோர் நேரில் வந்து அனுமதி பெற வேண்டும்’ என்ற விதி, நம் மீனவ ஊரில் பெற்றோர் எப்போதும் கரையிலேயே இருப்பார்கள் என்று எண்ணி எழுதப்பட்டது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிகிறது. பள்ளி திறப்பதும் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயம். தந்தை படகில் இருப்பார், தாய் விடியற்காலையிலேயே கடற்பாசி எடுக்கப் போயிருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வீட்டிலிருந்து யார் நேரில் வருவது? கடைசியில் அலுவலகத்தில் தெரிந்தவர் இருப்பவருக்கு விதி வளையும், இல்லாதவருக்கு வளையாது. ஆகவே விலக்கை எழுத்திலேயே வைத்துவிடுங்கள்:

‘விடுப்புக் கடிதத்தில் தந்தையோ தாயோ, ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கள் பெயர் எழுதிக் கொடுக்கும் வீட்டுப் பெரியவர் ஒருவரோ கையொப்பமிடலாம். அவருடைய மாதிரிக் கையொப்பம் பள்ளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இவர்களைத் தவிர வேறு யாருடைய கையொப்பத்தையும் ஏற்கமாட்டோம்.’

தாத்தாவும் அப்பத்தாவும் இதில் வந்துவிடுவார்கள்; அடுத்த தெரு அண்ணன் வரமாட்டார்.

இன்னொரு நடைமுறைச் செய்தி. பல வீடுகளில் அறிக்கையைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுவது அந்தப் பிள்ளையேதான். எங்கள் பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் தாமத வரியை அப்படியே விழுங்கிவிட்டு, விடுமுறைத் தேதியை மட்டும் உரக்கப் படித்தான். விதிகளை ஒரு பக்கத்துக்குள் சிறு வாக்கியங்களாக எழுதி, வகுப்பாசிரியர்களின் குரல்பதிவாக வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பினால் இந்தச் சாமர்த்தியத்துக்கு இடமிருக்காது.

‘மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற கடைசி வரியை அறவே நீக்கிவிடுங்கள். எதற்குப் பொறுப்பல்ல என்று அதில் இல்லை. படிக்கும் தாய்க்கு அது பள்ளி கைகழுவுவதாகத்தான் படும். அந்த இடத்தில் சந்தேகம் கேட்க வேண்டிய ஆசிரியரின் பெயர், தொலைபேசி எண், அழைக்கக்கூடிய நேரம் ஆகியவற்றைப் போட்டு, கீழே தாங்களே கையொப்பமிடுங்கள். புதிய அறிக்கை ‘முந்தையதற்கு மாற்றாக’ என்ற குறிப்போடும் தேதியோடும் வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் வீடுகளில் கிடந்து, எது நடப்பில் உள்ளது என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்