சுருக்கத்தில் காணாமல் போனவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் புதிய சர்க்கரை மருந்துப் பரிசோதனை குறித்து வந்த கட்டுரையின் பெட்டிச் செய்தியில், பல பக்க ஒப்புதல் படிவத்தின் சாரம் என்று, "பக்க விளைவுகள் பெரும்பாலும் லேசானவை, விருப்பமில்லாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரு மருத்துவமனையில் மருந்துப் பரிசோதனைகளை ஆராய்ந்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாத உறுப்பினராக இருந்து இத்தகைய படிவங்களைப் படித்துப் பழகிய எனக்கு, இவ்வளவு எளிதாகச் சாரம் இறக்கத் தெரியாமல் போனதில் வருத்தமே.

நூறு பேரில் பத்துப் பேருக்குக் குமட்டலும் ஆயிரத்தில் ஒருவருக்கு ஈரல் பாதிப்பும் வரலாம் என்று படிவம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 'பெரும்பாலும் லேசானவை' என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் கையெழுத்திடுபவர் அவசியம் அறிய வேண்டிய அந்த ஈரல் மறைந்துவிடுகிறது. அடிக்கடி வருவதையும், அரிதாக வந்தாலும் ஆபத்தானதையும் எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்வதே சுருக்கம்; மருந்துக்குப் பதில் வெறும் மாத்திரை கிடைக்கக்கூடுமானால் அதையும் சொல்ல வேண்டும். பரிசோதனையின்போது பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சை உண்டு என்றும், பரிசோதனைதான் காரணம் என்று தெரியவந்தால் இழப்பீடு உண்டு என்றும் 2019ஆம் ஆண்டின் மருந்துப் பரிசோதனை விதிகள் கூறுவது தாங்கள் அறியாததல்ல.

விலகுவதும் ஒரே செயல் அல்ல. மருந்தை மட்டும் நிறுத்தலாம். பரிசோதனைக்கு வருவதையே நிறுத்தலாம். சேமித்த இரத்த மாதிரியைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் கேட்கலாம். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. விலகும் நாள்வரை திரட்டிய விவரங்களைப் பொதுவாக அழிப்பதுமில்லை. விலகினாலும் வழக்கமான சிகிச்சைக்குக் குறைவு வராது என்ற வாக்கியம்தான் ஏழை நோயாளிக்கு முதலில் தேவை. என் உறவினர் ஒருவர் விலக விரும்பியும், "டாக்டர் கோபித்துக்கொண்டால் வெளிநோயாளி சீட்டு யார் தருவார்?" என்று அஞ்சிக் கடைசிவரை மாத்திரை விழுங்கினார். படிவத்தின் நகலைக்கூட அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை.

யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தன் விருப்பப்படி சேர்வதைப் பற்றித் தங்கள் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. அன்று ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில் பழங்குடிச் சிறுமியரின் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டது அம்பலமானது; 2010இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. படிக்கத் தெரியாதவருக்குத் தொடர்பற்ற சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக்காட்ட வேண்டும் என்ற விதி இருப்பது இதற்காகத்தான். இத்தகைய விஷயங்களை எழுதியனுப்பிய என் முந்தைய கடிதங்களுக்குத் தங்கள் இதழில் இடம் கிடைத்ததில்லை; ஜோதிடப் பக்கத்துக்கு அந்தத் தட்டுப்பாடு நேர்ந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த இதழில் அதே அளவுப் பெட்டியில், ஈரல் போன்ற பெரிய ஆபத்து, விலகினாலும் சிகிச்சை தொடரும் என்பது, சந்தேகம் வந்தால் அழைக்க நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்கும் என்பது ஆகியவற்றைச் சேர்த்து அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்