குடவோலைக்கு அப்பால் உள்ள ஏரி

ஆசிரியருக்கு வணக்கம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பலரும் செய்வதைப் போலவே குடவோலையோடு நின்றுவிட்டது. பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஏரியைப் பராமரிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை விரிவாக இருப்பது உண்மைதான். ஆனால் ஓலை எடுத்துத் தேர்ந்த ஆறு பேர், 360 நாள் பதவிக்காலத்தில், எதை வைத்து ஏரியைக் காத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏரிக்கு நாளும் வரும் பகை வண்டல். மழைநீர் கொண்டுவரும் மண், நீர் அசையாது நிற்கும் கரையோரத்தில், அதாவது வயலுக்கு நீர் திறந்துவிடும் தூம்பு இருக்கும் ஆழமான பகுதியில்தான் மெல்லப் படியும். இது வெளியே தெரியாது. பார்வைக்கு ஏரி நிரம்பியே இருக்கும். ஆனால் முன்னைவிடக் குறைந்த மழைக்கே உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியும், அறுவடைக்கு முன்பே தூம்பில் நீர் வருவது நின்று கடைமடை வயல் காயும். இவ்விரண்டும் சேர்ந்து நடந்தால் ஏரி மேடேறிவிட்டது என்று பொருள்.

இதற்கு அவ்வூரார் கண்ட வழி எளிது. உத்தரமேரூரின் வைரமேக தடாகத்தில் ஆண்டுதோறும் வண்டல் அள்ளுவதற்கென, பல்லவன் தந்திவர்மன் காலத்திலேயே சபையிடம் பொன் ஒப்படைக்கப்பட்டது. முதல் அப்படியே இருக்க, அதன் பொலிசையை, அதாவது வட்டியை, வேலைக்குச் செலவிட வேண்டும். வேறு பல ஊர்களில் பொன்னுக்குப் பதிலாக ஏரிப்பட்டி என்று நிலத்தையே ஒதுக்கினார்கள். அதன் விளைச்சல் ஏரிக்கு உரியது. அள்ளிய மண்ணைக் கரைமேலேயே போட்டால் ஏரி ஆழமாகும், கரையும் பலப்படும். உடைப்பு எடுத்த பிறகு நிதி தேடும் நம் பொதுப்பணிக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பணம் ஊரிலேயே புழங்கியதால் கணக்கும் கறாராக இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் பிறகு ஓலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தனர். மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர்களுக்கும் இடமில்லை.

இவை அனைத்தையும் ஊர்மக்கள் ஆட்சி என்று கட்டுரையாளர் கொண்டாடுவதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊர். வாரியத்தில் சேர, இறை செலுத்தும் நிலம், வேலி என்னும் நில அளவையில், கால் வேலிக்கு மேல் வேண்டும். வேதக் கல்வி உடையவருக்கு மட்டும் அரைக்கால் வேலி போதும். வெயிலில் நின்று வண்டலை வெட்டிச் சுமந்தவர்களின் பெயரை அந்தக் குடத்துக்குள் போட இந்த விதிகளில் வழியே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செங்கல்பட்டு