பொருள்: கமெரா வலையமைப்பை ரூட்டர் ஊடாகச் சுற்றவிட்டதால் அலுவலக வேலை முடங்கியமை

முகாமையாளர் அவர்களுக்கு,

புறக்கோட்டையிலுள்ள எமது மொத்தத் துணிக்கடையில் சென்ற மாதம் உங்கள் ஆட்கள் 26 கமெராக்களைப் பொருத்தினார்கள். கமெராக்களை VLAN 20 இலும், அலுவலகக் கணினிகளை VLAN 10 இலும் பிரித்தார்கள். அப்படிப் பிரிக்கச் சொன்னதே நான்தான். அன்றிலிருந்து இணையவழி வங்கிப் பக்கம் திறக்கவே நிமிடக் கணக்காகிறது. கமெராப் பதிவுகளும் இடையிடையே அறுந்து கிடக்கின்றன.

இணைய இணைப்பில்தான் கோளாறு என்று உங்கள் தொழில்நுட்பவியலாளர் சொல்லிவிட்டுப் போனார். அது சரியில்லை. ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குப் பெரிய கோப்பை அனுப்பினால் உடனே போகிறது. ரூட்டரைத் தொட வேண்டிய வேலைதான் இழுபடுகிறது. கடை பூட்டிய ஞாயிறன்று ரூட்டருக்கு பிங் அடித்தேன்; 200 மில்லிசெக்கனுக்கு மேல் காட்டியது. கமெராக்களை நிறுத்தியதும் 1 மில்லிசெக்கனுக்கு இறங்கியது.

காரணம், பதிவுப் பெட்டியை அலுவலகப் பக்கமான VLAN 10 இல் செருகியிருக்கிறீர்கள். எங்கள் சுவிட்சால் இரண்டு வலையமைப்புகளுக்கிடையே தரவைக் கடத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு கமெராவின் படமும் ஒரே கேபிள் வழியாக ரூட்டருக்கு ஏறி, அதே கேபிளில் திரும்பி இறங்கித்தான் பெட்டியை அடைகிறது. ஒரு கமெராவுக்கு செக்கனுக்கு 4 மெகாபிட் என்றால் 26 கமெராக்களுக்கு 104. சுவிட்சின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கேபிளின் போர்ட்டோ `100M Full` என்றே காட்டுகிறது. இணையத்துக்குப் போகும் வழியும் அந்தக் கேபிள்தான்.

இரண்டு முனையிலும் கிகாபிட் போர்ட் இருக்க, ஏன் 100? கேபிளின் தலையைப் பார்த்தேன்: மண்ணிறச் சோடி சரியாகக் கவ்வப்படவில்லை. கிகாபிட்டுக்கு நான்கு சோடிகளும் வேண்டும். 100க்கு இரண்டு போதும். அதனால் இணைப்பு அறாமல் வேகம் மட்டும் இறங்கிவிட்டது. விளக்கு எரிந்ததைப் பார்த்து வேலை முடிந்ததென்று போயிருக்கிறார்கள்.

படத் தரத்தைக் குறைக்கலாம், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே வலையமைப்பில் போடலாம் என்று உங்கள் ஆள் சொல்கிறார். இரண்டுக்கும் நான் உடன்படவில்லை. காசாளர் மேசையில் நோட்டின் பெறுமதி தெரியாத படம் எங்களுக்கு எதற்கு? கணக்குக் கணினிகளைக் கமெராக்களோடு சேர்த்து வைக்கவும் முடியாது.

பதிவுப் பெட்டியின் போர்ட்டை VLAN 20க்கு மாற்றி, அதற்கு அந்த வலையமைப்பின் முகவரியைக் கொடுங்கள். பதிவு சுவிட்சுக்குள்ளேயே முடிந்துவிடும். நாங்கள் பார்க்கும் நேரத்துப் படம் மட்டுமே ரூட்டரைக் கடக்கும். VLAN 10 இலிருந்து எனது கணினியும் முதலாளியின் கணினியும் மட்டும் பெட்டியை அடைய விதி போடுங்கள். கேபிளையும் மாற்றுங்கள். கேபிளை மட்டும் மாற்றிவிட்டுப் போனால், அத்தனை படமும் இன்னும் ரூட்டரின் தலையிலேயே இருக்கும்.

இதை ஒரு வாரத்துக்குள் செய்து, 26 கமெராக்களும் ஓடும்போது பிங்கை என் முன்னால் காட்ட வேண்டும். இரண்டாவது வருகைக்கு வாங்கிய 7,500 ரூபாவையும் திருப்பித் தாருங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்,
புறக்கோட்டை, கொழும்பு 11