மஞ்சளேறிய படத்திலிருந்து முகம் எடுப்பதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மறைந்த அப்பாருவின் முகத்தைப் பழைய கல்யாணப் படத்திலிருந்து எடுத்து, புதிய குடும்பப் படத்தில் வைத்துத் தரச் சொல்லிப் பலர் வருகிறீர்கள். “முகத்தை முதலில் மாற்றிவிடுங்கள், நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்றும் சொல்கிறீர்கள். நாங்கள் அதற்கு ஏன் இணங்குவதில்லை என்பதை விளக்கவே இந்த மடல்.

முகத்தைப் பொருத்தும்போது, அதன் சராசரி நிறத்தைப் புதுப் படத்தின் கழுத்து நிறத்துக்கு இழுக்கிறோம். கன்னம் உடனே ஒத்துப்போகும். ஆனால் பழைய படம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கெடுவதில்லை. தாளில் மிஞ்சிய ரசாயனம் மஞ்சளாகி, வெளிர்ந்த பகுதிகளைக் கறையாக்குகிறது. அந்தக் காலத்து வண்ணத்தாள்களில் நீலப்பச்சைச் சாயம் பெட்டிக்குள் இருந்தாலும் மங்கிவிடும். அதனால் கறுப்பு சிவக்கிறது. சராசரியை மட்டும் சரிசெய்தால் கண்ணின் வெள்ளை காமாலை கண்டதுபோல் நிற்கும், மீசை செம்பட்டையாகத் தெரியும். பொருத்திய பின் இதைத் திருத்தப் போனால் பக்கத்தில் நிற்பவர்களின் நிறமும் கெடும்.

அண்மையில் வந்த 1980களின் படம் ஒன்றைச் சொல்கிறோம். கணினியில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரை அளக்கப்படும்; தாளின் வெள்ளை ஓரத்தில் சிவப்பு 236, பச்சை 220, நீலம் 176 என்று இருந்தது. கண்மணியின் கறுப்பில் சிவப்பு 72, பச்சை 40, நீலம் 44. ஒவ்வொரு நிறத்தையும் தனியே எடுத்து, ஓரத்தின் அளவை வெள்ளை முனையாகவும் கண்மணியின் அளவைக் கறுப்பு முனையாகவும் வைத்து விரித்தோம். மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் அதிலேயே விலகின.

வெள்ளைக்கு வேட்டியை அளவாகக் கொள்வதில்லை. நீலம் போட்டுத் துவைத்த வேட்டி லேசாக நீலம் பாய்ந்திருக்கும்; அதை வெள்ளையென்று நம்பினால் முகத்தில் மஞ்சள் தங்கிவிடும். நெற்றித் திருநீறும் சாம்பல் நிறம்தான், அதுவும் ஆகாது.

தோலை இறுதியில்தான் தொடுகிறோம். சிவப்பு மிகுந்தும், பச்சை அதற்கடுத்தும், நீலம் குறைந்தும் இருக்க வேண்டும். வெயிலில் கறுத்த உழவரை வெளுப்பாக்கித் தரமாட்டோம். அவர் எப்படி இருந்தார் என்று வீட்டில் மூத்தவர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே முகத்தை மாற்றுகிறோம்.

இதற்கும் எல்லை உண்டு. நீலத்தை அதிகம் விரித்தால் புள்ளிகள் கிளம்பும்; அந்த நிறத்தில் மட்டும் அவற்றை மெல்ல அடக்கலாம். ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெளுத்துப்போன நெற்றியில் பதியாத விவரத்தை எங்களால் மீட்க முடியாது.

எனவே கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், படத்தையே கொண்டுவாருங்கள். 600 டி.பி.ஐ.யில், நிறத்துக்கு 16 பிட் வீதம், தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு ஸ்கேன் செய்கிறோம். வெள்ளை ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். கண்ணாடியில் படம் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் சட்டத்தோடு எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
ஸ்டுடியோவினர்,
கோபிசெட்டிபாளையம்