துப்புரவு அறையில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளைப் பற்றி: பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். பள்ளிகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்வையிடுவது என் வேலை. துப்புரவுப் பொருள்கள் வைக்கும் அறையின் கதவில் 'சோடியம் ஹைப்போகுளோரைட்: பாதுகாப்புக் குறிப்பு' என்ற தலைப்பில் ஒரு தாள் ஒட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். நாம் பிளீச்சிங் திரவம் என்று சொல்வதுதான் அது. தாள் இருந்தால் ஆய்வுப் படிவத்தில் ஒரு 'ஆம்' விழுந்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டு வாளியில் எவ்வளவு ஊற்றுவது என்று ஒருவரால் சொல்ல முடியுமா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். உற்பத்தியாளர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பகுதிகள் உண்டு. லாரியில் ஏற்றுபவர், தீயணைப்பு வீரர், மருத்துவர் என எல்லோருக்குமாக எழுதப்பட்ட ஆவணம் அது. முதலுதவி 4ஆம் பகுதியில் இருக்கிறது, கையாளுதலும் சேமிப்பும் 7ஆம் பகுதியில், எதனுடன் சேரக்கூடாது என்பது 10ஆம் பகுதியில். சுருக்குகிறவர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வரியை எடுத்து ஒட்டிவிடுகிறார். 'பொருந்தாத பொருள்களிலிருந்து விலக்கி வைக்கவும்' என்ற வரி அப்படித்தான் வந்து சேர்கிறது. பொருந்தாத பொருள் அதே அலமாரியின் அடுத்த தட்டில் கழிவறை ஆசிட் என்ற பெயரில் நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பெயரைத் தாள் சொல்வதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, உங்கள் அறையில் உள்ள கேனுக்கும், உங்கள் வாளிக்கும், உங்கள் குழாய்க்கும் பொருந்துகிற ஒரு பக்கத்தை எழுதுங்கள்.

முதலில் அளவு. கடையில் கிடைக்கும் வீட்டு உபயோகத் திரவம் சுமார் 5 சதவீத வலிமை கொண்டது. மொத்தமாக வாங்கும் கேன்கள் 10 அல்லது 12 சதவீதமாக இருக்கும். கைப்பிடி, மேசை, கழிவறைத் தளம் ஆகியவற்றைத் தொற்றுநீக்க 0.1 சதவீதக் கரைசல் போதும். கேனின் வலிமையை வேண்டிய வலிமையால் வகுத்தால் மொத்தம் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். 5 சதவீதத் திரவம் என்றால் 50 பங்கு. 10 லிட்டர் கரைசலுக்கு 200 மி.லி. அதே வாளிக்கு 10 சதவீதத் திரவம் என்றால் 100 மி.லி.தான். கேன் மாறியபின் தாள் மாறாவிட்டால், பணியாளர் தாளில் உள்ளபடியே 200 மி.லி. ஊற்றுவார், கரைசல் இரண்டு மடங்கு காட்டமாகிவிடும். அவர் தவறு எதுவும் செய்யவில்லை, தாள்தான் தவறாக இருக்கிறது. ஆகவே கணக்கைத் தாளில் எழுதாதீர்கள், விடையை எழுதுங்கள்: 'இந்தக் கேன், இந்த நீல வாளி, கோடு வரை குளிர்ந்த தண்ணீர், பிறகு இந்த அளவுக் கோப்பையில் ஒரு கோப்பை'. தண்ணீர் முதலில், திரவம் பிறகு. மாறிச் செய்தால் வலிமையான திரவம் முகத்தில் தெறிக்கும்.

இரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம் வேண்டும். 5 சதவீதத் திரவத்தில் 100 மி.லி.யுடன் 900 மி.லி. தண்ணீர். இதைத் தனி வரியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் தினசரி வேலைக்கும் அதையே கலக்கத் தொடங்குவார்கள். எந்தக் கரைசலாக இருந்தாலும் முதலில் துடைத்துச் சோப்பு நீரால் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் அழுக்கு திரவத்தின் வீரியத்தைத் தின்றுவிடும். மிஞ்சியதை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடிக்க வேண்டாம். துணியில் நனைத்துத் துடைப்பதே நல்லது, அதுவும் குழந்தைகள் வகுப்பில் இல்லாத நேரத்தில்.

அடுத்தது, எதனுடன் கலக்கக்கூடாது என்பது. தாளில் மிகப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது இதுதான். கழிவறைக் கோப்பையில் மஞ்சள் கறை படிந்திருக்கிறது. பணியாளர் ஆசிட் ஊற்றுகிறார், கறை முழுவதும் போகவில்லை. மேலே கொஞ்சம் பிளீச்சிங் திரவத்தை ஊற்றுகிறார். இரண்டும் நல்ல துப்புரவுப் பொருள்கள், சேர்ந்தால் இன்னும் நன்றாகச் சுத்தமாகும் என்பது அவர் நினைப்பு. உண்மையில் வெளிவருவது குளோரின் வாயு. 5 சதவீதத் திரவம் 100 மி.லி. முழுவதுமாக ஆசிடுடன் வினைபுரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் குளோரின் உண்டாகும். ஐந்து கனமீட்டர் கொள்ளளவுள்ள ஒரு சிறிய கழிவறைக்குள் அது பரவினால், காற்றின் பத்து லட்சம் பங்கில் 300க்கு மேல் குளோரினாக இருக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த எல்லை பத்து லட்சத்தில் 10 பங்கு. பத்தில் ஒரு பங்கு மட்டும் வினைபுரிந்தாலும் அந்த எல்லை தாண்டிவிடுகிறது. துணி முகக்கவசமோ மருத்துவ முகக்கவசமோ வாயுவைத் தடுக்காது.

இதைத் தாளில் விளக்க வேண்டியதில்லை. உங்கள் அலமாரியில் உள்ள ஆசிட் பாட்டில், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், ஸ்பிரிட் ஆகியவற்றின் லேபிளில் உள்ள பெயரை அப்படியே எழுதி, 'இவற்றுடன் ஒரு சொட்டும் கூடாது' என்று முடித்தால் போதும். சிறுநீர்த் தொட்டியைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவுடன் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும் என்பதால், தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே பிளீச்சிங் ஊற்ற வேண்டும். காட்டமான நெடி, கண்ணெரிச்சல், இருமல் இவற்றில் எது வந்தாலும் வாளியை விட்டுவிட்டு வெளியேற வேண்டும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தங்கும், தாழ்வான பக்கமாக நகரும். எனவே குனியாமல், படியிறங்காமல், காற்று வரும் திசையை நோக்கிப் போக வேண்டும். வாளியைக் கவிழ்த்துவிட்டு வரலாமே என்று யாரும் திரும்பிப் போகக்கூடாது. அந்தப் பக்கமாகக் குழந்தைகள் வராமல் தடுத்துவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

சேமிப்பில் பலரும் கவனிக்காத விஷயம், இந்தத் திரவம் தானாகவே வலிமை இழக்கும் என்பது. வெயிலும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் சிதைவு மூன்று நான்கு மடங்கு வேகமாகும். தகரக் கூரையின் கீழ் வைத்த 10 சதவீதக் கேன் சில மாதங்களில் பாதியாகிவிடலாம். வாசனை குறைந்துவிட்டது என்று பணியாளர் தானாகவே அளவைக் கூட்டுவார், புதிய கேன் வந்ததும் அதே அளவை ஊற்றுவார். கேனின் மேல் வந்த தேதியையும் திறந்த தேதியையும் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். சிதையும்போது வாயு வெளியேறும் என்பதால் கேனுக்குக் காற்றுப்போகும் மூடியே வந்திருக்கும். அதை எடுத்துவிட்டு இறுக்கமான வேறு மூடியைப் போடுவது ஆபத்து. கேன் உப்பியிருந்தால் அதுதான் காரணம். உலோகப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கவே கூடாது. ஆசிடை வேறு அலமாரியில் வையுங்கள். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரித்தால் போதாது, ஒழுகினால் கீழேதான் சொட்டும்.

குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. அப்படி ஒன்றைக் கண்டால் அன்றே அகற்றுங்கள்.

முதலுதவிக்கு வருகிறேன். வழக்கமான தாளில் 'கண்ணில் பட்டால் ஏராளமான நீரால் கழுவி மருத்துவரை அணுகவும்' என்று இருக்கும். ஏராளம் என்றால் எவ்வளவு? இரண்டு கை நீர் அடித்துவிட்டு ஆட்டோ தேடுவதைத்தான் மக்கள் ஏராளம் என்று புரிந்துகொள்கிறார்கள். இந்தத் திரவம் காரம். காரம் கண்ணின் திசுவுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும், மருத்துவமனை போய்ச் சேரும்வரை அது காத்திருக்காது. கடிகாரத்தைப் பார்த்து 15 முதல் 20 நிமிடம் ஓடும் சுத்தமான நீரில் கழுவ வேண்டும். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்குமாறு தலையைச் சாய்த்தால் நீர் மற்ற கண்ணுக்குள் போகாது. இமை தானாக இறுக மூடிக்கொள்ளும். ஒருவர் விரலால் விரித்துப் பிடிக்க வேண்டும், மற்றொருவர் நீர் விட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுத்துவிடலாம். குழந்தை அலறும், திமிறும். ஐந்து நிமிடத்தில் 'போதும்' என்று எல்லோருக்கும் தோன்றும். அதனால்தான் நிமிடக் கணக்கு தாளில் இருக்க வேண்டும். எந்தக் குழாய் என்பதும் இருக்க வேண்டும். அந்தக் குழாயில் நாள் முழுவதும் நீர் வருகிறதா, அதன் கீழ் ஒரு குழந்தையின் முகம் நுழையுமா என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். எலுமிச்சை, வினிகர் போட்டுக் காரத்தை முறிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கண்ணிலோ தோலிலோ அது கூடவே கூடாது.

தோலில் பட்டால் நனைந்த உடையைக் கழற்றிவிட்டு அதே 15 நிமிடம். விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்ட தொண்டையை அது திரும்பி வரும்போதும் சுடும். உப்புக் கரைசல் வேண்டாம். மற்றதை மருத்துவரோ நச்சு முறிவு உதவி மையமோ சொல்லட்டும். லேபிளோடு கேனைப் படமெடுத்து அனுப்புங்கள் அல்லது கொண்டு போங்கள். வாயுவைச் சுவாசித்தவரை வெளிக்காற்றில் நிமிர்ந்து உட்காரவையுங்கள். அவர் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று சொன்னாலும் வேலைக்கோ தனியாக வீட்டுக்கோ அனுப்பாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். மூச்சிரைப்பு, நெஞ்சிறுக்கம், விடாத இருமல் இருந்தால் உடனே மருத்துவமனை. ஆஸ்துமா உள்ளவர் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

கையுறை, கண்ணாடி பற்றிய வரியைத் தாளில் போடுவதற்கு முன், முழங்கை நோக்கி நீளும் ரப்பர் கையுறையும் பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் அந்த அறையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாத பொருளைப் போடச் சொல்லும் தாள் நிர்வாகத்தைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டது என்று பணியாளருக்குத் தெரியும்.

எழுதி முடித்ததும் தூய்மைப் பணியாளரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வெறும் தண்ணீரை வைத்து ஒரு முறை கலந்து காட்டச் சொல்லுங்கள். எழுத்து படிக்காதவர் என்றால் வாளியில் பெயின்டால் கோடு போட்டு, பாட்டில்களின் படத்தை ஒட்டிக் குறுக்கே சிவப்புக் கோடு இழுங்கள். எங்கே தயங்குகிறாரோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள். கொள்முதல் செய்பவரிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: ஆர்டரில் 'பிளீச்சிங் 5 கேன்' என்று மட்டும் எழுதாமல் சதவீதத்தையும் எழுத வேண்டும், வேறு சதவீதம் வந்து இறங்கினால், தாள் மாறும்வரை அந்தக் கேனைத் திறக்கக் கூடாது.

இப்படிக்கு,
பள்ளிப் பாதுகாப்பு ஆய்வுப் பணியில் உள்ள ஒருவர்